இன்வாய்ஸ் பணம் வரலையா? லீகல் நோட்டீஸ் எப்போ அனுப்பலாம்?

வேலைக்குப் போய்க்கிட்டே, சனி ஞாயிறுல ஒரு கம்பெனிக்கு வெப்சைட் செஞ்சு கொடுத்தீங்கன்னு வச்சுக்குவோம். இன்வாய்ஸ் 48,000 ரூபாய், கெடு 2024 ஜூன் 30. இன்னும் "அடுத்த வாரம் போட்டுடறோம் சார்"தான்.

வக்கீல் அனுப்புற நோட்டீஸில் என்ன வேலை, எப்போ ஒப்படைச்சீங்க, அவங்க ஏத்துக்கிட்ட மெயிலின் தேதி, இன்வாய்ஸ் எண், பாக்கித் தொகை எல்லாம் இருக்கணும். இத்தனை நாளில் கட்டலைன்னா வழக்குன்னும் சொல்லணும். 15 நாள் கொடுப்பது வழக்கம். மிரட்டல் வார்த்தை வேண்டாம், இந்தக் கடிதம் நாளைக்கு கோர்ட்டுக்குப் போகும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆன சான்றைப் பத்திரமா வைங்க.

பலர் தவறவிடுறது காலக்கெடு. இந்தப் பாக்கிக்கு வழக்கு போட மூணு வருஷம்தான், அதாவது 2027 ஜூன் 30 வரை. நோட்டீஸ் அனுப்பினா அந்தக் கடிகாரம் நிக்காது. ஆனா கெடு முடியறதுக்குள்ள, "பாக்கி இருக்கு, ரெண்டு தவணையில தர்றோம்"னு கையெழுத்தோட அவங்க பதில் எழுதினா, அந்தத் தேதியிலிருந்து புதுசா மூணு வருஷம் கிடைக்கும். என்னைக் கேட்டா, நோட்டீஸின் பெரிய லாபமே அந்தப் பதில்தான்.

வேலையில் குறை சொல்லாம, பணத்தை மட்டும் இழுத்தடிக்கிற, இன்னும் இயங்குற கம்பெனின்னா அனுப்பலாம். 6,000 ரூபாய் இன்வாய்ஸுக்கு வக்கீல் ஃபீஸே பெரும்பகுதியைத் தின்னுடும். அதுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதி அனுப்புங்க, போதும்.