டாக்டர் பட்டம் யாருக்கு? கடிதத்தின் முதல் வரியும் கடைசி வரியும்

போன வருடம் எங்கள் கிளையின் விடுமுறை முகாமுக்குப் பேச்சாளரை அழைக்கும் வேலை என்னிடம் வந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் என் அறையில் உட்கார்ந்து, ஒரு பெண் விரிவுரையாளருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். அவர் பெயரை 'கமலா ஏ/பி முருகன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டுக் கடிதங்களில் கடைசிப் பெயரைத்தானே போடுவார்கள் என்று நினைத்து, 'டியர் டாக்டர் முருகன்' என்று ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். "தம்பி, எங்கப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. பள்ளிக்கூடப் பக்கமே போனதில்ல. நீ அவருக்கு டாக்டர் பட்டம் குடுத்திட்டியேப்பா!" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் படித்து வாங்கிய பட்டத்தை அவர் பெயரிலிருந்து எடுத்து வேறு பெயரில் ஒட்டிவிட்டோமே என்று எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

அதனால் முதல் பாடம் பெயர். நம் பெயரில் ஏ/எல், ஏ/பி-க்குப் பின்னால் வருவது அப்பா பெயர். குடும்பப் பெயர் அல்ல. ஆகவே 'டாக்டர் கமலா'. மலாய்க்காரர்களுக்கும் இதே கணக்குதான்: அமினா பிந்தி யூசோப் என்றால் 'டாக்டர் அமினா'. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். டான் மேய் லிங் என்றால் 'டாக்டர் டான்'. மூன்று பேருக்கும் ஒரே அச்சில் கடிதம் அனுப்பினால் ஒருவருக்காவது தவறாகப் போகும்.

இரண்டாவது, பட்டம். தேர்தலில் வென்ற நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினருக்கு 'யாங் பெர்ஹோர்மாட்'. டத்தோ, டான்ஸ்ரீ பட்டம் உண்டு, ஆனால் பதவியில் இல்லை என்றால் பொதுவாக 'யாங் பெர்பஹாகியா'. ஒரு பெண்மணி தானே விருது வாங்கி டத்தோ ஆகியிருக்கலாம். பெண் என்பதால் நாமாக 'டத்தின்' என்று மாற்றக்கூடாது. அது பெரும்பாலும் டத்தோவின் மனைவிக்கு உரியது. சந்தேகம் வந்தால் அவர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

மூன்றாவது, பழக்கம். இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். எங்கள் கிளையின் ஆலோசகர் ஒரு டத்தோ. சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் 'மாமா'. வாட்ஸ்அப்பில் இன்றும் "வணக்கம் மாமா" என்றுதான் எழுதுகிறேன். ஆனால் மண்டபம் கேட்டு எழுதும் கடிதம் கோப்பில் போகும், செயலவைக் கூட்டத்தில் வாசிக்கப்படும். அதில் 'மதிப்பிற்குரிய டத்தோ' என்றுதான் வரவேண்டும். கடிதத்தை அவர் ஒருவர் மட்டும் படிப்பாரா, மற்றவர்களும் படிப்பார்களா என்று முதலில் பாருங்கள். மற்றவர்களும் படிப்பார்கள் என்றால் உறவு முறை வேண்டாம்.

முடிப்பும் ஆரம்பமும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். 'ஹாய் டாக்டர்' என்று தொடங்கி 'தங்கள் பணிவுள்ள' என்று முடித்தால், இரண்டு பேர் சேர்ந்து எழுதிய கடிதம் போல இருக்கும். அறிமுகமில்லாத பெரியவருக்கு 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, நன்றி சொல்லி, 'இக்கண்' என்று கையெழுத்திடலாம். நன்கு தெரிந்த பெரியவருக்கு 'பணிவன்புடன்'. நம்மோடு ஓடியாடும் அண்ணன் அக்காமார்களுக்கு 'அன்புடன்' போதும்.

மலாய்க் கடிதத்தில் பெயர் தெரியாவிட்டால் 'துவான்' அல்லது 'புவான்' என்று தொடங்கி, 'யாங் பெனார்' என்று முடியுங்கள். அரசாங்கக் கடிதத்தைப் பார்த்து 'சாய யாங் மெஞ்ஜாலான்கான் அமானா' என்று காப்பி அடிக்காதீர்கள். 2018-இல் பழைய வாசகத்துக்குப் பதிலாக வந்த அந்த வரி அரசு ஊழியர்களுக்கு உரியது. மாணவன் எழுதினால், இல்லாத பதவியில் நின்று கையெழுத்துப் போட்டது போலாகும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அன்று இரவே 'மதிப்பிற்குரிய டாக்டர் கமலா' என்று தொடங்கி, பிழைக்கு ஒரே வரியில் மன்னிப்புக் கேட்டு, 'பணிவன்புடன்' என்று முடித்தேன். முகாமுக்கு வருவதாகப் பதில் வந்தது. கீழே 'அன்புடன், கமலா' என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்து நானும் 'ஹாய் கமலா' என்று எழுதலாமா? கூடாது. பெரியவர் ஒரு படி இறங்கி வந்தால் நாம் முடிப்பைக் கொஞ்சம் இளக்கலாம். பட்டத்தை நாமாக எடுக்கக்கூடாது. அடுத்த கடிதத்தில் 'வணக்கம் டாக்டர் கமலா' என்று தொடங்கி 'அன்புடன்' என்று முடித்தேன்.

முகாமில் அவரை மேடைக்கு அழைத்தபோது அவர் பெயரைச் சரியாகச் சொன்னேன். மேடையேறியவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் அப்பாவைப் பற்றித்தான் முதலில் பேசினார்.