சத்தமில்லாத ஃப்ளஷ் டேங்க் கசிவு: கேசரி பவுடர் காட்டிக் கொடுக்கும்

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது ஃப்ளஷ் டேங்கின் அடி ரப்பரில் படிந்தால், ரப்பர் சரியாக உட்காராமல் தண்ணீர் ஓசையின்றிக் கசியும்.

சோதிக்க: இரவு கடைசியாக ஃப்ளஷ் செய்து, டேங்க் நிரம்பியதும் கால் ஸ்பூன் கேசரி பவுடரைக் கரைத்து அதில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது.

பிறகு கோப்பையைப் பாருங்கள்:

• நிறம் இல்லை: டேங்கிலிருந்து கோப்பைக்குக் கசிவில்லை.

• நிறம் தெரிகிறது, தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயின் விளிம்புக்குக் கீழே நிற்கிறது: அடி ரப்பரில் கோளாறு. வினிகரில் ஊறவைத்துத் துடையுங்கள், விறைத்திருந்தால் மாற்றுங்கள்.

• நிறம் தெரிகிறது, தண்ணீர் விளிம்பைத் தொடுகிறது: மிதவையைத் தாழ்த்துங்கள்.

கறை பிடிக்காமலிருக்க, பார்த்தவுடன் ஃப்ளஷ் செய்துவிடுங்கள்.