எழுத்தால் எவ்வளவு, எண்ணால் எவ்வளவு?

நெல்லோ கடலையோ விற்றுவிட்டு வியாபாரியிடம் ரசீது வாங்கும்போது, நம்மில் முக்கால்வாசிப் பேர் அடியில் கட்டம் போட்டு எழுதியிருக்கும் எண்ணை மட்டும்தான் பார்க்கிறோம். அதற்கு மேலேயோ கீழேயோ ‘எழுத்தால் ரூபாய்’ என்று ஒரு வரி இருக்கும். அதை வாசிக்கிறவர்கள் குறைவு. வாசித்தாலும், எண்ணைப் பார்த்துக்கொண்டே எழுத்தை வாசிப்பார்கள். அப்படிச் செய்தால் தப்பு கண்ணில் படவே படாது. கண் ஏற்கெனவே பார்த்த எண்ணைத்தான் வாய் சொல்லும்.

அதனால் முதல் வேலை, எண் இருக்கும் கட்டத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இருப்பதை மட்டும் வைத்துத் தனியாக ஒரு எண் எழுத வேண்டும். ஒரு துண்டுத் தாளில் நாலு கட்டம் போடுங்கள்: லட்சம், ஆயிரம், நூறு, கடைசி இரண்டு இலக்கம். லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் இரண்டிரண்டு இலக்கம். நூறுக்கு மட்டும் ஒன்று. எழுத்தில் பேச்சே இல்லாத கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும், ஏனென்றால் தமிழில் பூஜ்யத்தைச் சொல்லி எழுதும் வழக்கம் இல்லை. ‘ஒரு லட்சத்து ஐந்தாயிரத்து ஏழு’ என்றால் 1, 05, 0, 07. சேர்த்தால் 1,05,007. ஐந்துக்கும் ஏழுக்கும் முன்னால் பூஜ்யம் போடாமல் விட்டால் இந்தத் தொகை 1,507 ஆகிவிடும்.

அடுத்து, சொல்லின் வாலைக் கவனியுங்கள். தமிழ் இதில் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ‘ஆயிரம்’, ‘நூறு’ என்று முடிந்தால் தொகை அங்கேயே நின்றுவிட்டது. ‘ஆயிரத்து’, ‘நூற்று’, ‘இருபத்து’ என்று இருந்தால் பின்னால் இன்னும் ஏதோ வரவேண்டும். ‘பதினெட்டாயிரத்து நானூற்று மட்டும்’ என்று ஒரு ரசீதில் இருந்தால், நானூறுக்குப் பிறகு எழுத வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது, இல்லையென்றால் ‘நானூறு’ என்பதை மாற்றி எழுதியிருக்கிறார்கள். எதுவானாலும் அதை அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

இனி, அதிகம் இடறுகிற இடத்துக்கு வருவோம். ஒன்பதின் குடும்பம். மற்ற எண்களெல்லாம் ஒழுங்காக எழுபது, எழுநூறு, எண்பது, எண்ணூறு என்று போகும். ஒன்பது மட்டும் பெயரில் ஒரு படி மேலே ஏறி நிற்கும். தொண்ணூறு என்பதில் ‘நூறு’ ஒலிக்கிறது, ஆனால் அது 90. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது, ஆனால் அது 900. ஒன்பதாயிரம் என்றால்தான் 9,000. ஆகவே தொண்ணூறு போகவேண்டியது கடைசிக் கட்டத்துக்கு, தொள்ளாயிரம் போகவேண்டியது நூறு கட்டத்துக்கு. கடையில் கணக்கு எழுதும் பையன்கள் ‘தொள்ளாயிரத்து நாற்பது’ என்பதை ‘தொண்ணூற்று நாற்பது’ என்று எழுதுவதும் உண்டு. கட்டம் போட்டால் அது உடனே மாட்டிக்கொள்ளும். தொண்ணூறும் நாற்பதும் ஒரே கட்டத்துக்குள் இடம் கேட்டு வந்து நிற்கும். ஒரு கட்டத்துக்கு இரண்டு பேர் வந்தால் எழுத்தே தப்பு என்று அர்த்தம்.

எங்கள் குழுவில் ஒரு விவசாயி மாப்பிள்ளைச் சம்பா நெல் விற்ற ரசீதை எடுத்துவந்தார். எழுத்தால்: ‘ஐம்பதாயிரத்து தொள்ளாயிரத்து நாற்பது மட்டும்’. எண்ணை மறைத்துவிட்டுக் கட்டம் போட்டோம். லட்சம் இல்லை. ஆயிரம் கட்டத்தில் 50. அடுத்து இன்னொரு ‘ஆயிரத்து’ வருகிறதே என்று அவர் தயங்கினார். அது தொள்ளாயிரம், நூறு கட்டத்தில் 9. கடைசியில் 40. ஆக 50,940. விரலை எடுத்துப் பார்த்தால் எண்ணில் 50,490. அவருடைய வங்கிக் கணக்கில் ஏறியிருந்ததும் 50,490தான்.

வித்தியாசம் 450. நாலும் ஐந்தும் ஒன்பது, அதாவது 450 ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். வங்கியில் நாள் முடிவில் கணக்கு ஒத்துவராதபோது நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், ஒரு எண் கட்டம் தாண்டி நகர்ந்தாலும் (50,040 என்பது 50,400 ஆவது போல) வித்தியாசம் கண்டிப்பாக ஒன்பதால் வகுபடும். வகுபடவில்லை என்றால் காரணம் வேறு: எழுபதை எண்பது என்று கேட்டிருக்கலாம், ஏதோ ஒரு பிடித்தம் சேராமல் போயிருக்கலாம். ஆனால் இது எங்கே தேடுவது என்று காட்டும் குறிப்புதான். எழுத்து சரியா எண் சரியா என்பதை இது சொல்லாது.

அதைச் சொல்ல மூன்றாவது ஒன்று வேண்டும், அது ரசீதிலேயே இருந்தது. 18 மூட்டை, மூட்டைக்கு 75 கிலோ, மொத்தம் 1,350 கிலோ. கிலோ 38 ரூபாய் என்றால் 51,300. மூட்டைக்கு இறக்குகூலி 15, எடைக்கூலி 5, ஆக 20 வீதம் 18 மூட்டைக்கு 360 பிடித்தம். மீதி 50,940. எழுத்துதான் சரி. எண்ணை எழுதும்போது ஒன்பதும் நாலும் இடம் மாறியிருக்கிறது. (பாருங்கள், அந்த 360ம் ஒன்பதால் வகுபடுகிறது. பிடித்தத்தையே கழிக்க மறந்திருந்தாலும் ஒன்பது வந்திருக்கும். அதனால்தான் குறிப்பு என்று மட்டும் சொன்னேன்.)

எழுத்தும் எண்ணும் ஒத்துப்போனாலும் இந்தப் பெருக்கலைச் செய்துவிடுவது நல்லது. பெரும்பாலும் எண்ணை எழுதிவிட்டு, அதைப் பார்த்துத்தான் எழுத்தை எழுதுகிறார்கள். கூட்டலில் வந்த தப்பு இரண்டிலும் ஒரே மாதிரி இறங்கிவிடும்.

‘எழுத்தில் இருப்பதுதானே சட்டப்படி செல்லும்?’ என்று பலர் கேட்கிறார்கள். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18 அப்படிச் சொல்வது உண்மை. ஆனால் அது காசோலை, புரோநோட்டு, உண்டியல் ஆகியவற்றுக்கு. நடைமுறையில் காசோலையில் இரண்டும் மாறுபட்டால் வங்கி எழுத்துத் தொகையைக் கொடுப்பதில்லை, காரணம் எழுதித் திருப்பி அனுப்பிவிடும். விற்பனை ரசீது அந்தச் சட்டத்துக்குள் வராது. அதனால் ‘எழுத்துதான் செல்லும்’ என்று கடையில் போய் வாதாடுவதைவிட எடையையும் விலையையும் பெருக்கிக் காட்டுவதே வேலைக்கு ஆகும். நம் நண்பரும் அதைத்தான் செய்தார். வியாபாரி தன் கார்பன் நகலை எடுத்துப் பார்த்துவிட்டு 450ஐ அன்றே அனுப்பினார்.

திருத்தும்போது பழைய எண்ணின் மேலேயே அழுத்தி எழுத விடாதீர்கள். தப்பான எண் தெரியும்படி ஒரே கோடு அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, எழுதியவர் முழுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். நம்மிடம் உள்ள ரசீதில் மட்டும் செய்தால் பத்தாது, ரசீதுப் புத்தகத்தில் இருக்கும் நகலிலும் அதே திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்க வேண்டும்.