லாக்கரில் ஏற்கெனவே பை இருந்தால்

ஹேஷ் டேபிளில் மோதலைச் சமாளிக்க செயினிங், ஓப்பன் அட்ரஸிங் என இரண்டு வழிகள் உண்டு. எது வேகம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதைவிட முதலில் கேட்க வேண்டியது, போட்டதை எவ்வளவு அடிக்கடி நீக்கப் போகிறோம் என்பது. மோதலே வராத ஹேஷ் ஃபங்ஷனாகப் பார்த்து எழுதிவிட்டால் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். ஆனால் 365 இடங்களில் 23 பொருள்களைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே, இரண்டு ஒரே இடத்தில் விழும் வாய்ப்பு பாதிக்கு மேல். நல்ல ஃபங்ஷன் மோதலைக் குறைக்குமே தவிர ஒழிக்காது.

0 முதல் 9 வரை பத்து லாக்கர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டோக்கன் எண்ணின் கடைசி இலக்கம்தான் லாக்கர் எண். 42, 72, 53, 12 என்ற வரிசையில் டோக்கன்கள் வருகின்றன. செயினிங்கில் ஒரு லாக்கருக்குள் எத்தனை பை வேண்டுமானாலும் ஒன்றோடொன்று கோத்து வைக்கலாம். எனவே 2-ல் 42, 72, 12 மூன்றும் சங்கிலியாகும். 53 தனியாக 3-ல் இருக்கும். 72-ஐ எடுக்க வேண்டுமானால் 42-ஐ நேரே 12-உடன் கோத்துவிட்டால் வேலை முடிந்தது. மற்ற எந்த லாக்கரும் பாதிக்கப்படாது.

ஓப்பன் அட்ரஸிங்கில் ஒரு லாக்கருக்கு ஒரே பை. உரிய இடத்தில் ஆள் இருந்தால் அடுத்ததைப் பார்க்க வேண்டும். அதன் மிக எளிய வடிவம் இது. 42 போய் 2-ல் அமரும். 72-க்கு 2 இல்லை, 3 கிடைக்கும். 53 தனக்குரிய 3-க்கு வந்தால் அங்கே 72 இருக்கிறது. அது 4-க்கு நகரும். 12-க்கோ 2, 3, 4 மூன்றும் நிரம்பியிருப்பதால் 5 தான் மிச்சம். 53-க்கும் 72-க்கும் ஹேஷ் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். மோதாத இரண்டு எண்கள் இங்கே இடத்துக்காக மோதிக்கொள்கின்றன. நிரம்பிய லாக்கர்கள் இப்படித்தான் கொத்தாகச் சேரும்.

தேடலுக்கும் அதே நடைதான்: காலி லாக்கர் வந்தால் பொருள் இல்லை என்று முடிவு.

```python
def find(t, key):
    i = key % len(t)
    while t[i] is not EMPTY:
        if t[i] == key:
            return i
        i = (i + 1) % len(t)
    return -1
```

இப்போது 72-ஐ நீக்கி, 3-ஐக் காலியாக்கிவிட்டு 53-ஐத் தேடுங்கள். தேடல் 3-க்குப் போகும், காலி என்று பார்க்கும், இல்லை என்று திரும்பும். பையோ 4-ல் பத்திரமாக இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. நீக்கிய பிறகு, தொடர்பில்லாத ஏதோ ஒன்று மாயமாவதுதான் அடையாளம். இதற்குத் தீர்வு, நீக்கிய இடத்தில் `DELETED` என்று ஒரு குறி வைப்பது. தேடல் அதைத் தாண்டிப் போகும். புதுப் பை அங்கே உட்காரலாம். ஆனால் உட்கார வைக்கும் முன், காலி லாக்கர் வரும்வரை தேடி, அதே எண் ஏற்கெனவே இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 53-ஐப் புதுப்பிக்கும்போது 3-ல் ஒன்று, 4-ல் ஒன்று என இரண்டு பிரதிகள் வந்துவிடும். பின்னால் ஒன்றை நீக்கினால் பழையது தலைகாட்டும்.

அடுத்தடுத்த இடங்களைப் படிப்பது பிராசஸரின் கேஷுக்கு உகந்தது, சங்கிலியோ நினைவகத்தில் சிதறிக் கிடப்பது, கூடவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பாயிண்டர் செலவு என்று ஆட்சேபம் வரும். நியாயம்தான், டேபிளில் இடம் தாராளமாக இருக்கும்வரை. இல்லாத ஒன்றைத் தேட, பாதி நிரம்பிய டேபிளில் சராசரியாக 2.5 லாக்கர்களைத் திறந்தால் போதும். முக்கால் பங்கு நிரம்பினால் 8.5, 90 சதவீதத்தில் ஏறக்குறைய 50. செயினிங்கில் அதே 90 சதவீதத்திலும் சராசரிச் சங்கிலியில் ஒரு பைகூட முழுதாக இருக்காது. பைத்தானின் `dict` ஓப்பன் அட்ரஸிங். அது அடுத்த லாக்கருக்கே போகாமல் தாவித் தாவிப் போகிறது, அப்படியும் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்போதே பெரிதாகிவிடும். ஜாவாவின் `HashMap` செயினிங்.

ஆகவே சேர்ப்பதும் தேடுவதுமே வேலை, எத்தனை வரும் என்று தோராயமாகத் தெரியும் என்றால் ஓப்பன் அட்ரஸிங்கை எடுத்து, பாதிக்கு மேல் நிரம்ப விடாதீர்கள். ஓயாமல் வந்து போகும் தரவுக்குச் செயினிங்தான் நிம்மதி. அங்கேயும் ஓப்பன் அட்ரஸிங்தான் வேண்டும் என்றால், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கணக்கிடும்போது `DELETED` குறிகளையும் சேர்த்து எண்ணுங்கள். வரம்பைத் தொட்டதும் உயிரோடு இருப்பவற்றை மட்டும் புது டேபிளுக்கு மாற்றுங்கள். எண்ணாமல் விட்டால், நான்கே பை இருக்கும் டேபிளில்கூட ஒரு `EMPTY` மிச்சமில்லாமல் போகலாம். அப்போது மேலே உள்ள `while` இல்லாத எண்ணைத் தேடிக்கொண்டு முடிவின்றிச் சுற்றும்.