நீண்ட அறிக்கைக்கு ஒரு பக்கக் குறிப்பு

தோட்டங்களில் குழு அமைத்து விசாரணை நடத்துவது புதிதன்று. தண்ணீர், லயன் வீடுகள், ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றிக் குழுவினர் பல மாதங்கள் விசாரித்து, நாற்பது ஐம்பது பக்கங்களில் அறிக்கை தயாரிக்கின்றனர். அவ்வறிக்கை மேலதிகாரியின் மேசைக்குச் செல்லும்போது அதன் மேல் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு வைக்கப்படுதல் வழக்கம். அதிகாரி முதலில் படிப்பது அதையே. சில வேளைகளில் அவர் படிப்பது அது ஒன்றே. அக்குறிப்பை எழுதும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

பாடத்திற்காக ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே மேல் லயத்தில் 40 வீடுகள், நடு லயத்தில் 50, கீழ் லயத்தில் 30, ஆக 120 வீடுகள் உள்ளன. பொதுக் குழாய்கள் பத்து. மேல் லயத்தில் 2, நடுவில் 5, கீழே 3. மேல் லயத்தார் விடியற்காலையில் தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் பெரட்டு நேரம் வந்துவிடுகிறது. ஏழு பேர் கொண்ட குழு விசாரித்து 46 பக்க அறிக்கை எழுதியுள்ளது. அது மாநிலத் தொழிலாளர் இலாகா இயக்குநருக்குச் செல்லவேண்டும். தீபகற்ப மலேசியாவில் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990 ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, இலவசமாகவும் போதிய அளவிலும் குழாய் நீர் வழங்கும் கடமையை முதலாளியிடம் வைத்திருக்கிறது. ஆகவே அந்த அதிகாரி தீர்மானிக்க வேண்டிய கேள்வி, ‘இந்நீர் போதிய அளவுதானா?’ என்பதே.

எழுதத் தொடங்குமுன் மூன்று தாள்களை எடுத்துக்கொள்வோம். முதல் தாளின் தலைப்பு ‘கண்டவை’, இரண்டாவது ‘எண்கள்’, மூன்றாவது ‘பரிந்துரைகள்’. அறிக்கையை முதற்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்து சுருக்க முயல்வது பயன் தராது. முதலில் அறிக்கையின் இறுதிப் பகுதிக்குச் சென்று, பரிந்துரைகள் அனைத்தையும் மூன்றாம் தாளில் எழுதிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு பரிந்துரைக்கும் காரணமாகக் குழு கண்டது எது என்று தேடி முதல் தாளில் எழுதவேண்டும். அதன்பின் அந்த ஒவ்வொன்றையும் தாங்கி நிற்கும் எண் எது என்று தேடி இரண்டாம் தாளில் எழுதவேண்டும். எல்லாவற்றிற்கும் அறிக்கையின் பக்க எண்ணைக் குறித்துக்கொள்வது கட்டாயம்.

ஒரு வாக்கியம் எந்தத் தாளுக்கு உரியது என்பதை அறிய அதன் வினைமுற்றைப் பார்த்தாலே போதும். ‘இருக்கிறது, இல்லை, ஆகிறது’ என்று முடிந்தால் அது கண்டது. ‘வேண்டும், செய்யலாம், தகும்’ என்று முடிந்தால் அது பரிந்துரை. எண்ணும் அளவும் இல்லாமல் பொருள்படாதது எதுவோ அது இரண்டாம் தாளுக்குரியது.

இதிலும் ஒரு மறைவான இடர் உண்டு. ‘மேல் லயத்தில் போதிய குழாய்கள் இல்லை’ என்ற வாக்கியம் ‘இல்லை’ என்று முடிகிறது. ஆனால் ‘போதிய’ என்னும் சொல்லுக்குள் ‘இன்னும் குழாய்கள் வேண்டும்’ என்ற பரிந்துரை ஒளிந்திருக்கிறது. போதுமா, போதாதா என்று தீர்ப்பளிப்பது அதிகாரியின் வேலை. ஆகவே ‘மேல் லயத்தில் 40 வீடுகளுக்கு 2 குழாய்கள் உள்ளன’ என்று எழுதுவதே முறை. ‘மோசமான, மிகக் குறைந்த, நியாயமற்ற’ போன்ற சொற்களையும் இவ்வாறே சோதிக்க வேண்டும்.

இப்போது எண்களுக்கு வருவோம். ஒவ்வோர் எண்ணும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: எத்தனையில் எத்தனை? எப்போது எடுத்தது? யார், எப்படி எடுத்தது? நம் எடுத்துக்காட்டில் குழுவினர் மூன்று நாள் காலை 5 மணி முதல் 5.30 மணி வரை, எல்லாக் குழாய்களும் திறந்திருந்த வேளையில், 20 லிட்டர் வாளி நிறையும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டனர். மேல் லயத்தில் ஒரு வாளி நிறைய 5 நிமிடம் ஆயிற்று. கீழ் லயத்தில் 1 நிமிடம். ‘மேல் லயத்தில் தண்ணீர் ஐந்து மடங்கு குறைவு’ என்று சுருக்கினால், எந்த நேரத்தில், எத்தனை நாள் பார்த்தது என்பன மறைந்துவிடும். நண்பகலில் ஒருவர் வந்து குழாயைத் திறந்து பார்த்து, ‘நீர் நன்றாகத்தானே வருகிறது!’ என்று சொல்லவும் இடம் கொடுத்துவிடும்.

சராசரி எண்ணிலும் எச்சரிக்கை தேவை. 120 வீடுகளை 10 குழாய்களால் வகுத்தால் ஒரு குழாய்க்கு 12 வீடுகள் என்று வரும். கணக்குச் சரிதான். ஆனால் நடு லயத்திலும் கீழ் லயத்திலும் ஒரு குழாய்க்கு 10 வீடுகள். மேல் லயத்தில் 20. குறை எங்கிருக்கிறதோ அந்த இடத்தையே சராசரி மூடிவிட்டது. ஒரே பக்கந்தானே என்று இடத்தை மிச்சப்படுத்தச் சராசரியை மட்டும் எழுதினால், விசாரணை நடத்தியதன் பயனே போய்விடும்.

குறிப்பு எழுதுபவர் தாமாகக் கணக்கிடுவதையும் அடக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு இரண்டு வாளி என்று கொண்டால், மேல் லயத்தில் ஒரு குழாயில் 20 வீட்டாரும் நீர் பிடித்து முடிக்க 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம் ஆகும். இது மனத்தில் தைக்கும் எண்தான். ஆயினும் அறிக்கையில் அது இல்லையென்றால், குழு சொன்னதாக அதை எழுதலாகாது. எழுதியே தீரவேண்டுமென்றால், ‘குறிப்பு எழுதியவரின் கணக்கு’ என்று அதனருகிலேயே சொல்லிவிட வேண்டும். அதிகாரி அறிக்கையைப் புரட்டி அவ்வெண்ணைக் காணாவிட்டால் மற்ற எண்களையும் ஐயுறுவார்.

பரிந்துரைகளில் நேரும் பெரும்பிழை, நிபந்தனையை விட்டுவிடுதல். இக்குழு மூன்று பரிந்துரைகள் செய்தது. முதலாவது, தொட்டியிலிருந்து மேல் லயத்திற்கு வரும் துருப்பிடித்த ஓர் அங்குலக் குழாயை எடுத்துவிட்டு இரண்டு அங்குலக் குழாய் போடுதல். இரண்டாவது, அது முடிந்த பிறகு மேல் லயத்தில் இரண்டு பொதுக் குழாய்கள் கூடுதலாக அமைத்தல். மூன்றாவது, நீரைச் சுகாதார இலாகாவின் பரிசோதனைக்கு அனுப்புதல். இவற்றுள் இரண்டாவதில் உள்ள ‘அது முடிந்த பிறகு’ என்ற சொற்கள் சிறியவை. சுருக்கும்போது எளிதில் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் என்ன ஆகும்? செலவு குறைவானது இதுதான் என்று அதிகாரி இரண்டாவதை மட்டும் முதலில் ஒப்புக்கொள்ளக் கூடும். குறுகிய பழைய குழாயில் வரும் அதே நீர் இரண்டு வாய்களுக்குப் பதிலாக நான்கு வாய்களில் பிரியும். ஐந்து நிமிடத்தில் நிறைந்த வாளி நிறைய இன்னும் நேரமாகும். குழாய்கள் கூடியும் தொல்லை தீராது, பெருகும்.

மூன்றாம் பரிந்துரைக்குக் காரணம் எது என்று தேடும்போது, நீரின் தூய்மையைப் பற்றி அறிக்கையில் எதுவும் காணப்படவில்லை. அப்படியானால் அப்பரிந்துரையை நீக்கிவிடலாமா? கூடாது. அதற்காக நாமே ஒரு காரணத்தைப் படைக்கவும் கூடாது. ‘இதற்குரிய விவரம் அறிக்கையில் இல்லை’ என்று அதனருகில் எழுதிவிட வேண்டும். குழுவில் இருவர் மாறுபட்ட கருத்துச் சொல்லியிருந்தால் அதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். மறைத்தால், பின்னர் அது அதிகாரிக்கு வேறு வழியாகத் தெரியவரும்.

இவ்வாறு எழுதி முடித்த பக்கம் பின்வருமாறு அமையும்.

பெறுநர்: மாநில இயக்குநர், தொழிலாளர் இலாகா.
பொருள்: தோட்டக் குடிநீர் விசாரணைக் குழுவின் அறிக்கை, 46 பக்கங்கள்.
வேண்டப்படும் முடிவு: கீழ்க்காணும் 1, 2 ஆம் பரிந்துரைகளை அந்த வரிசையில் நிறைவேற்றுமாறு நிர்வாகத்திற்கு அறிவிக்கலாமா என்பது.

கண்டவை
1. காலை நேரத்தில் மேல் லயத்தில் நீர் மற்ற லயங்களைவிட மெதுவாக வருகிறது (பக்கம் 9).
2. மேல் லயத்திற்கு வரும் குழாய் மற்றவற்றைவிடக் குறுகியது. உட்புறம் துருப்பிடித்துள்ளது (பக்கம் 14).
3. மேல் லயத்தில் ஒரு குழாயைப் பயன்படுத்தும் வீடுகள் மற்ற லயங்களைவிட அதிகம் (பக்கம் 17).

எண்கள்
1. 20 லிட்டர் வாளி நிறையும் நேரம்: மேல் லயம் 5 நிமிடம், கீழ் லயம் 1 நிமிடம். மூன்று நாள், காலை 5 முதல் 5.30 வரை, எல்லாக் குழாய்களும் திறந்த நிலையில், குழுவினர் எடுத்தது (பக்கம் 10).
2. குழாயின் அளவு: மேல் லயம் 1 அங்குலம், மற்றவை 2 அங்குலம் (பக்கம் 14).
3. ஒரு குழாய்க்கு வீடுகள்: மேல் லயம் 20, நடு லயம் 10, கீழ் லயம் 10 (பக்கம் 17).

பரிந்துரைகள்
1. மேல் லயத்திற்கு 2 அங்குலக் குழாய் போட வேண்டும் (பக்கம் 41).
2. முதற்பரிந்துரை முடிந்த பிறகே, அங்கு 2 பொதுக் குழாய்கள் கூடுதலாக அமைக்க வேண்டும் (பக்கம் 42).
3. நீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் (பக்கம் 43). இதற்குரிய விவரம் அறிக்கையில் இல்லை.

மாறுபட்ட கருத்து: எழுவரில் இருவர், தொட்டியையும் உயர்த்த வேண்டும் என்றனர் (பக்கம் 45).
அறிக்கையில் இல்லாதது: செலவு மதிப்பீடு.

வேண்டப்படும் முடிவு உச்சியில் இருப்பதைக் கவனிக்க. கண்டவற்றில் முதலாவதை எண்களில் முதலாவது தாங்குகிறது; இரண்டாவதை இரண்டாவது தாங்குகிறது; மூன்றாவதும் அப்படியே. அதிகாரி ஒரு பரிந்துரையை ஏற்காவிட்டாலும், கண்டவையும் எண்களும் அவற்றிற்குரிய இடத்தில் அசையாமல் நிற்கும். மூன்றையும் ஒரே பத்தியில் கலந்திருந்தால், பரிந்துரையை மறுப்பவர் அதனோடு உண்மையையும் ஒதுக்கிவிட வழி உண்டாகும்.

அனுப்புமுன், அறிக்கையைப் படிக்காத ஒருவரிடம் இப்பக்கத்தைக் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்கலாம். என்ன கண்டார்கள்? எவ்வளவு? என்ன செய்யச் சொல்கிறார்கள்? அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரே பகுதியைப் பார்த்து விடை சொன்னால் குறிப்பு சரியாக இருக்கிறது. ஒரு விடைக்காக இரண்டு பகுதிகளைத் தேடினால், எங்கோ ஒரு வரி இடம் மாறியிருக்கிறது. பின்னர், அறிக்கையைப் படித்த குழு உறுப்பினர் ஒருவர் பக்க எண்களை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சரிபார்த்துக் கையொப்பமிட்டதும் குறிப்பை அறிக்கையின் மேல் வைத்து அனுப்பலாம்.