திர்ஹாம் சேமிப்பை எப்போது ரூபாயாக்குவது?

துபாயில் உழைத்துவிட்டு ஒரகடம், படப்பை பக்கம் திரும்புகிறவர்களிடம் முதலில் வந்து நிற்பது மனைத் தரகர்தான். பத்திரப்பதிவுத் தேதியைக் குறித்துவிட்டால், அன்று என்ன மாற்று விகிதமோ அதற்கே பணத்தை மாற்றியாக வேண்டும்.

திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது; ஒரு டாலருக்கு 3.67 திர்ஹாம். ஆகவே பார்க்க வேண்டியது டாலர் விலையைத்தான். 2013 மே தொடக்கத்தில் டாலர் சுமார் 54 ரூபாய். ஆகஸ்ட் இறுதியில் 68-ஐத் தாண்டியது. அக்டோபரில் 62-க்கு அருகே இறங்கியது. 2 லட்சம் திர்ஹாம் வைத்திருந்தவருக்கு மே மாதத்தில் 29 லட்சம், ஆகஸ்டில் 37 லட்சம், அக்டோபரில் 34 லட்சம் ரூபாய். உச்சத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்னும் ஏறும் என்று காத்திருப்பது சூதாட்டம்தான்.

அதனால் மூன்றாண்டு வீட்டுச் செலவை ரூபாய் வைப்பில் போடுங்கள். மீதியை ஆர்.எஃப்.சி. கணக்கில் டாலராக வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமபங்காக மாற்றுங்கள். ஊர் திரும்பியவர்கள் வெளிநாட்டுப் பணத்தை இங்கேயே வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் கணக்கு இது. நிரந்தரமாகத் திரும்பியதை வங்கியிடம் சொல்லி, என்.ஆர்.இ. கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

மாற்றும் நாளில் 'டி.டி. பையிங் ரேட்' என்ன என்று இரண்டு வங்கிகளில் கேளுங்கள். டாலருக்கு 50 பைசா குறைந்தாலும் மேற்சொன்ன தொகையில் 27,000 ரூபாய் போய்விடும். நோட்டாகக் கொண்டுவந்து மாற்றினால் விகிதம் இன்னும் குறையும்.