செவ்வாய் வக்ரமா? பயப்பட வேண்டாம், முதலில் சூரியனைப் பாருங்க!



போன செவ்வாய்க்கிழமை இலஞ்சி குமாரரைக் கும்பிட்டுட்டு மேலகரம் திரும்பும்போது, கூட வந்த தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, என் ஜாதகத்துல செவ்வாய் பக்கத்துல (வ)னு போட்டிருக்கு. வேகமே வராதுங்காங்க. கல்யாணமும் தள்ளிப்போகுமாம். நெசமா?"

அவன் பிறந்தது 2003 ஆகஸ்ட் 28. அந்த (வ) வக்ரத்தைக் குறிக்குது. தென்காசி ரோட்டுல நம்ம பஸ் இன்னொரு பஸ்ஸை முந்தும்போது அது பின்னால போற மாதிரி தெரியும்ல? பூமி செவ்வாயை முந்தும்போதும் அப்படித்தான். ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒரு தடவை இது நடக்கும். அந்த வருஷம் ஜூலை 29 முதல் செப்டம்பர் 27 வரை நடந்தது.

(வ) சரியான்னு நீங்களே பார்த்துக்கலாம். செவ்வாய் வக்ரமானா, சூரியன் அதுக்கு எதிர்ப்பக்கமாத்தான் இருக்கும். தம்பிக்குச் சூரியன் சிம்மம், செவ்வாய் கும்பம், நேர் ஏழாமிடம். ஆக, சரிதான். இரண்டும் ஒரே ராசியில இருந்து (வ) போட்டிருந்தா, கணிச்சதுல பிழை இருக்கு. சுக்கிரனுக்கு இது தலைகீழ். வக்ர சுக்கிரன் சூரியன் இருக்கும் ராசியிலோ அடுத்த, முந்தின ராசியிலோதான் இருக்கும்.

சரி, பலன்? வக்ர செவ்வாய் பலவீனம்னு நம்ம பழைய சாஸ்திரம் சொல்லலை. சேஷ்டா பலம்னு கூடுதல் பலமே கொடுக்குது. அன்னைக்கு வானத்துலயும் செவ்வாய் பூமிக்கு மிக நெருங்கி, பிரகாசமாத் தெரிஞ்சது. வேகம் உள்ளே திரும்பும், கோபத்தை வாய்விட்டுச் சொல்லாம மனசுக்குள்ள வைப்பாங்க என்பது மேல்நாட்டு ஜோதிடர்கள் பார்வை.

"தாமதம்" என்பதுக்கும் அவங்ககிட்ட ஒரு கணக்கு உண்டு. பிறந்த பிறகு வரும் ஒவ்வொரு நாளும் வாழ்க்கையில ஒரு வருஷம். தம்பி பிறந்து 30 நாள்ல செவ்வாய் நேர்கதிக்கு வந்தது. அதனால 30 வயசு வாக்குல அவன் வேகம் வெளிப்படும்னு சொல்வாங்க. அதே வருஷம் செப்டம்பர் 20-ல பிறந்தவருக்கு 7 நாள்தான். ஏழு வயசுலயே திரும்பிடும். அதனால (வ) இருந்தாலே தாமதம்னு எல்லாருக்கும் ஒரே பலன் சொல்ல முடியாது.

இன்னொன்னு: வக்ரம் வேற, செவ்வாய் தோஷம் வேற. தோஷம் லக்னத்துலேர்ந்து 2, 4, 7, 8, 12-ஆம் இடங்களை வச்சுப் பார்ப்பது. அந்த ரெண்டு மாசத்துல உலகம் முழுக்கப் பிறந்த எல்லாருக்குமே இதே வக்ரம்தான். அந்த ஒரு எழுத்தை மட்டும் வச்சு யாராவது ஒரு வரனைத் தட்டிக்கழிச்சா, "லக்னம் என்ன, செவ்வாய் எத்தனாம் இடம்?"னு கேளுங்க.

தம்பி வீட்டுக்குப் போனதும் ஜாதகத்தை எடுத்து லக்னத்துலேர்ந்து எண்ண ஆரம்பிச்சிட்டான்.

ஓம் சரவணபவ!